நாற்காலியை எடுத்தால் அதன் நிழலையும் எடுக்க வேண்டும்

கார்த்திகைக்கு மூன்று வாரம் இருந்தது. கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி வாட்ஸ்அப்பில் ஒரு படமும் ஒரு குரல் பதிவும் அனுப்பினார். படத்தில் கடை வாசலில் இரண்டடி உயரப் பித்தளைக் குத்துவிளக்கு. குரல் பதிவு இப்படி இருந்தது: "தம்பி, சுத்தி இருக்கிற வேண்டாததையெல்லாம் எடுத்துடுங்க. விளக்கு எரியற மாதிரி பண்ணுங்க. உச்சியில அன்னம் இருக்குல்ல, அதுக்குப் பதிலா மயில் போட்டுடுங்க. பின்னாடி கோயில் மாதிரி ஏதாவது வைங்க."

கடைகளுக்குப் படம் திருத்திக் கொடுப்பதுதான் என் தொழில். எந்த நிறுவனத்திலும் இல்லை. வீட்டில் உட்கார்ந்து, படத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு செய்கிறேன். எனக்கு வரும் வேலைக் குறிப்புகளில் பெரும்பாலானவை மேலே சொன்ன குரல் பதிவைப் போலவே இருக்கும். எடுப்பது, சேர்ப்பது, மாற்றுவது மூன்றும் அதில் இருக்கின்றன. சொல்கிறவருக்கு எல்லாம் சொல்லிவிட்ட நிறைவும் இருக்கும். கேட்கிற நான் மட்டும் முதல் சொல்லிலேயே நின்றுவிடுவேன். 'வேண்டாதது' எது?

அண்ணாச்சியின் படத்தில் விளக்கைச் சுற்றி இருந்தவை: இடப்பக்கம் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி, மேலே குறுக்கே ஓடும் ஒயர், வலப்பக்கம் அடுக்கி வைத்த எவர்சில்வர் குடங்கள், விளக்கின் பாதத்தில் ஒரு விலை ஸ்டிக்கர், பின்சுவரில் கடையின் பழைய பெயர்ப்பலகையின் ஓரம். நானாக இருந்தால் ஐந்தையும் எடுத்திருப்பேன். போனில் கேட்டபோதுதான் தெரிந்தது, பெயர்ப்பலகை அவருடைய அப்பா காலத்தது. அது தெரிய வேண்டும் என்றேதான் அந்த இடத்தில் நிறுத்தி எடுத்திருக்கிறார். குடங்களும் விற்பனைக்குத்தான், இருக்கட்டும் என்றார். வேண்டாதவை மூன்றே.

அரை மணி நேரம் பேசி, அவரையே இப்படி ஒரு குறிப்பு எழுதி அனுப்பச் சொன்னேன்:

எதற்கு: கடைக் கண்ணாடியில் ஒட்ட A3 அளவு. அதே படம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும். மேலே கடைப் பெயர் எழுத இடம் வேண்டும்.
எடுக்க: 1. நீல நாற்காலி. 2. மேலே ஒயர். 3. பாதத்தில் விலை ஸ்டிக்கர்.
சேர்க்க: 4. ஐந்து முகத்திலும் சுடர். 5. விளக்குக்கு முன்னால் கோலம்.
மாற்ற: 6. அன்னத்துக்குப் பதில் மயில். 7. சிமெண்ட் தரைக்குப் பதில் திண்ணை.
தொடக்கூடாதது: பெயர்ப்பலகை, குடங்கள், பித்தளையின் நிறம்.

கடைசி வரியை எந்தக் கடைக்காரரும் தானாக எழுதியதில்லை. நான்தான் கேட்டு வாங்குகிறேன். எதை எடுப்பது என்று சொல்லாவிட்டால் நான் திரும்பக் கேட்பேன். எதைத் தொடக்கூடாது என்று சொல்லாவிட்டால் கேட்கத் தோன்றாமலே தொட்டுவிடுவேன். பழைய பித்தளை கொஞ்சம் பச்சை ஓடி மங்கலாக இருந்தால் என் கை தன்னால் அதைத் தங்கமாக்கப் போகும்.

குறிப்போடு படத்தை எப்படி அனுப்புவது என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது சுருங்கித்தான் வரும். அண்ணாச்சியின் படம் எனக்கு வந்தபோது 1200க்கு 1600 புள்ளிகள். A3 தாளின் அகலம் ஏறக்குறைய 11.7 அங்குலம், அச்சுக்குப் போனால் அங்குலத்துக்கு நூறு புள்ளிதான் கிடைக்கும். கண்ணாடிக்கு அருகில் நின்று பார்ப்பவருக்கு விளக்கின் கடைசல் வரிகள் குழம்பித் தெரியும். அதே படத்தை Document என்ற வழியில் அனுப்பச் சொன்னதும் போனில் எடுத்தபடியே 3000க்கு 4000 வந்தது. A3 வடிவத்துக்கு ஓரம் வெட்டிய பிறகும் அங்குலத்துக்கு 240 புள்ளி நின்றது. அது போதும்.

குறியிடுவதற்குப் போனிலேயே விரலால் வட்டம் போடலாம். எடுப்பதற்குச் சிவப்பு, சேர்ப்பதற்குப் பச்சை, மாற்றுவதற்கு நீலம் என்று வைத்துக்கொண்டு, குறிப்பில் உள்ள எண்ணையே வட்டத்துக்குள் எழுதினால் குழப்பமே வராது. 'இடப்பக்கம்' என்றால் விளக்கின் இடமா, பார்க்கிறவரின் இடமா என்ற கேள்வியும் போய்விடும். ஆனால் வட்டம் போட்ட படத்தை மட்டும் அனுப்பிவிடுகிறவர்கள் பலர். அந்தச் சிவப்பு வட்டம் படத்தோடு படமாகப் பதிந்துவிடும். அதைத் துடைப்பதே எனக்கு எட்டாவது வேலையாகிவிடும். குறியிட்டது ஒன்று, குறியிடாதது ஒன்று என்று இரண்டும் வர வேண்டும்.

இனி நாற்காலிக்கு வருகிறேன். ஒரு பொருளைப் படத்திலிருந்து எடுப்பது என்றால் அதை அழிப்பது என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். படத்தில் எதையும் வெறுமனே அழிக்க முடியாது. அழித்த இடத்தில் ஓட்டைதான் இருக்கும். அங்கே வேறொன்றை வைத்து மூட வேண்டும். ஆகவே நாற்காலியை எடு என்றால், நாற்காலிக்குப் பின்னால் இருப்பதை வரை என்றுதான் பொருள். பின்னால் என்ன இருக்கிறது என்று நாற்காலி எனக்குக் காட்டவில்லை. சுவர் அங்கே முடிகிறதா, கதவு தொடங்குகிறதா? ஊகித்து வரையலாம். ஆனால் அந்தத் தெருவில் தினமும் நடக்கிறவர்கள் "இங்க கதவுதானே இருந்தது" என்று கண்டுகொள்வார்கள். எளிய வழி ஒன்று உண்டு. அண்ணாச்சி நாற்காலியை நகர்த்திவிட்டு, அதே இடத்தில் நின்று, அதே வெளிச்சத்தில் இன்னொரு படம் எடுத்தால் போதும். அந்தப் படத்திலிருந்து அந்தத் துண்டை மட்டும் வெட்டி இங்கே வைத்துவிடுவேன். விலை ஸ்டிக்கருக்கும் இதே கதைதான். ஸ்டிக்கருக்கு அடியில் பாதத்தின் வேலைப்பாடு இருக்கிறது. அதே அச்சில் வார்த்த இன்னொரு விளக்கை ஸ்டிக்கர் இல்லாமல் எடுத்து அனுப்பினார்.

நாற்காலி போன பிறகும் அது படத்தில் இரண்டு இடங்களில் மிச்சம் இருந்தது. ஒன்று நிழல். தரையில் விழுந்திருந்த நாற்காலியின் கால் நிழல்கள், தங்களுக்குச் சொந்தக்காரர் இல்லாமல் கோடு கோடாக நின்றன. இன்னொன்று பிம்பம், அதைத்தான் பலர் தவற விடுகிறார்கள். பித்தளை விளக்கின் தண்டில் குடம்போல் உருண்ட பகுதி ஒன்று இருக்குமே, அது நன்றாகத் துலக்கிய குவிந்த கண்ணாடி. சுற்றியுள்ள அத்தனையும் அதில் சின்னதாக வளைந்து தெரியும். முழுப்படத்தில் அந்த நாற்காலியின் பிம்பம் ஒரு மிளகு அளவு நீலப் புள்ளிதான். ஆனால் மஞ்சள் பித்தளைக்குள் நீலம் இருந்தால் கண் அங்கேதான் போகும்.

இதை நான் கற்றதே ஒரு தவறு செய்துதான். சில வருடங்களுக்கு முன் வேறு ஒரு கடைக்கு எவர்சில்வர் அண்டா ஒன்றின் படத்தைச் செய்து கொடுத்தேன். பக்கத்தில் இருந்த சிவப்பு வாளியை அழகாக எடுத்திருந்தேன். பின்னணியை முழு வெள்ளையாக்கியிருந்தேன். அச்சாகி வந்த நோட்டீஸில், அண்டாவின் இடுப்பில் அந்தச் சிவப்பு வாளி நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. வெள்ளைப் பின்னணியில் எங்கிருந்து வந்தது சிவப்பு வாளி? நோட்டீஸ் ஆயிரம் அடித்தாகிவிட்டது. அன்று முதல் எந்தப் பொருளை எடுத்தாலும் பொருள், நிழல், பிம்பம் என்று மூன்று முறை எண்ணிக்கொள்கிறேன்.

ஒயர் எடுப்பது சுலபம். சுவரின் பக்கத்துத் துண்டையே நகலெடுத்துப் பூசினால் போதும். போட்டோஷாப்பில் அதற்குக் குளோன் ஸ்டாம்ப் என்று ஒரு கருவி இருக்கிறது. ஒரே துண்டைத் திரும்பத் திரும்பப் பூசிவிடக் கூடாது, அவ்வளவுதான். சுவரில் ஒரே வடிவக் கறை வரிசையாக மூன்று முறை தெரிந்தால், அந்த இடத்தில் ஏதோ எடுக்கப்பட்டிருக்கிறது என்று எவரும் சொல்லிவிடலாம். உங்கள் படத்தைத் திருத்தியவர் ஒழுங்காகச் செய்தாரா என்று பார்க்க விரும்பினால் முதலில் இதைத் தேடுங்கள்.

மயிலில்தான் அண்ணாச்சியும் நானும் கொஞ்சம் முட்டிக்கொண்டோம்.

"அன்னத்தை எடுத்துட்டு மயில் படம் ஒண்ணை ஒட்டிடுங்க தம்பி. கூகுள்ல நிறைய இருக்கு."

"மயில் வச்ச விளக்கு உங்ககிட்ட இருக்கா அண்ணே?"

"இருக்கே, நாலு இருக்கு. இது அன்னம் வச்சதுதான் பளபளன்னு இருந்துச்சு, அதான் இதை எடுத்தேன்."

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நாச்சியார்கோயில் குத்துவிளக்குக்குப் பேர்போன ஊர். அந்த விளக்குக்குப் புவிசார் குறியீடும் உண்டு. காவிரி வண்டலில் அச்சு எடுத்து, பாதம், தண்டு, தட்டு, உச்சி எல்லாவற்றையும் தனித்தனியாக வார்த்து, கடைசல் பிடித்து, பிறகு மரை போட்டு ஒன்றோடொன்று திருகிச் சேர்க்கிறார்கள். அன்னத்தைப் பிடித்துத் திருகினால் கழன்று வந்துவிடும். அதே அளவு விளக்கின் மயிலை அதில் திருகினால் பெரும்பாலும் பொருந்தும். அப்படியிருக்க, எங்கோ எடுத்த மயிலைக் கொண்டுவந்து, அதன் வெளிச்சத்தைத் திருப்பி, நிறத்தை இந்தப் பித்தளைக்கு இணங்க வைத்து, கழுத்தில் கோடு தெரியாமல் சேர்க்க நான் மூன்று மணி நேரம் உழைப்பதில் என்ன பொருள்? கடைப் பையனை மயிலைத் திருகி மாட்டச் சொல்லி, அதே இடத்தில் வைத்து, மறுபடி ஒரு படம் எடுக்கச் சொன்னேன். ஐந்து நிமிட வேலை.

நேரம் மட்டும் காரணமில்லை. படம் திருத்துவதில் நான் எனக்கென்று ஒரு கோடு கிழித்திருக்கிறேன். வாங்குகிறவரின் வீட்டுக்குப் போவதை மாற்ற மாட்டேன்; கடையிலேயே தங்கிவிடுவதை மாற்றுவேன். நாற்காலி வீட்டுக்குப் போகாது, ஒயர் போகாது, ஸ்டிக்கர் கிழிந்துவிடும், கைரேகையும் தூசியும் துடைத்தால் போய்விடும். இவற்றை எடுக்கலாம். மயில் வீட்டுக்குப் போகிறது. தட்டின் விளிம்பில் நசுங்கல் இருந்தால் அதுவும் வீட்டுக்குப் போகிறது. பித்தளையின் நிறம் போகிறது. கடையில் இல்லாத மயிலை நான் ஒட்டிக் கொடுத்தால், கண்ணாடியைப் பார்த்து உள்ளே வருகிறவருக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து பொய் சொல்கிறோம். சட்டமும் இதையேதான் சொல்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளைப் பற்றிப் பொய்யாகக் காட்டுவது தவறான விளம்பரம். மத்திய ஆணையம் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இணையத்தில் விற்பவர்களுக்கு 2020இல் வந்த விதிகள், விளம்பரமும் பொருளும் ஒத்திருக்க வேண்டும் என்று தனியாகவே சொல்கின்றன.

இணையச் சந்தைகளில் இன்னொரு கட்டும் உண்டு. அமேசானில் முதல் படத்தின் பின்னணி சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும். பொருள் படச் சட்டத்தின் 85 சதவீதத்தை நிரப்ப வேண்டும். பொருளோடு வராத பூவோ கோலமோ அதில் இருக்கக் கூடாது. கண்ணாடி போஸ்டருக்குச் சேர் என்று சொன்னதையே அங்கே எடு என்று சொல்ல வேண்டியிருக்கும். அதனால்தான் குறிப்பின் முதல் வரி 'எதற்கு' என்று இருக்க வேண்டும் என்கிறேன்.

தரைக்கு வந்தோம். 'கோயில் மாதிரி ஏதாவது' என்பதற்கு முதலில் அவர் அனுப்பியது எங்கோ இணையத்தில் எடுத்த ஒரு மண்டபத்தின் படம். அது யாரோ எடுத்த படம், அவருக்கு உரிமையானது. கேட்காமல் போஸ்டரில் போடக் கூடாது. அதைவிட, அது பொருந்தவும் செய்யாது. ஏன் என்று விளக்கிலேயே காட்டலாம். விளக்கின் தட்டுகள் வட்டமானவை. படத்தில் அவை முட்டை வடிவமாகத் தெரியும். கேமரா எந்தத் தட்டின் உயரத்தில் இருக்கிறதோ அந்தத் தட்டு வெறும் கோடாகத் தெரியும். அதற்குக் கீழே போகப் போக வட்டம் அகன்று திறக்கும். அண்ணாச்சி நின்றபடி குனிந்து எடுத்திருந்தார். எண்ணெய்த் தட்டே நன்றாகத் திறந்து தெரிந்தது. மண்டபத்தின் படமோ தரையோடு தரையாக உட்கார்ந்து எடுத்தது. தூண்கள் மேலே எழும்பி நின்றன. இரண்டையும் சேர்த்தால், மேலிருந்து பார்க்கும் விளக்கு கீழிருந்து பார்க்கும் மண்டபத்தில் நிற்கும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஏதோ விளக்கு சரிந்து விழப்போகிறது என்று மட்டும் தோன்றும்.

ஆகவே அவர் வீட்டுத் திண்ணையையே எடுக்கச் சொன்னேன். காவி நிறச் சிமெண்ட் பூசிய பழைய திண்ணை. அதே உயரத்தில் போனைப் பிடித்து, அதே காலை நேரத்தில், வெயில் அதே பக்கத்திலிருந்து வரும்படி எடுத்தார். கோலத்தையும் வீட்டில் அந்தத் திண்ணையிலேயே போட்டுவிட்டார்கள். ஐந்தாவது எண் எனக்கு வேலையில்லாமல் தீர்ந்தது. நான் சேர்த்தது இரண்டே. ஒன்று, விளக்கின் பாதம் தரையைத் தொடும் இடத்தில் மெல்லிய கருங்கோடு போன்ற நிழல். அது இல்லாவிட்டால் பொருள் காற்றில் மிதக்கும். இன்னொன்று, பாதத்தின் கீழ்ச்சரிவில் கொஞ்சம் காவி நிறம். சிமெண்ட் தரையில் நின்றபோது பித்தளை அந்தச் சாம்பலைத்தான் வாங்கியிருந்தது. தரை மாறினால் அது வாங்கும் நிறமும் மாற வேண்டும் அல்லவா? தரையை மாற்றியவர்களில் பாதிப்பேர் இதை மறந்துவிடுகிறார்கள்.

சுடரைச் சேர்ப்பதற்கு வரைய வேண்டியதில்லை. மாலை இருட்டியதும் விளக்கில் எண்ணெய் ஊற்றி, ஐந்து திரியும் போட்டு ஏற்றி, பின்னால் கறுப்புத் துணி கட்டி, பகல் படம் எடுத்த அதே கோணத்தில் இன்னொரு படம் எடுக்கச் சொன்னேன். கறுப்பின் மேல் இருக்கும் சுடரை போட்டோஷாப்பில் Screen என்ற முறையில் வைத்தால் கறுப்பு மறைந்து வெளிச்சம் மட்டும் பகல் படத்தின் மேல் விழும். தட்டின் விளிம்பிலும் தண்டின் மேற்பகுதியிலும் சுடரின் மஞ்சள் உண்மையாகவே விழுந்திருப்பதால் அதுவும் கூடவே வந்துவிடுகிறது. ஒரு குறை மட்டும் இருந்தது. காலை வெயிலில் சுடர் பளிச்சென்று தெரியாது. படம் முழுவதையும் கொஞ்சம் மங்கலாக்கிச் சாயங்கால நேரமாக மாற்ற வேண்டியிருந்தது. இது குறிப்பில் இல்லை. கேட்டேன். "கார்த்திகை சாயங்காலம்தானே தம்பி" என்றார்.

ஏழும் முடிந்தது. அனுப்புவதற்கு முன் வழக்கமாகச் செய்வது போல படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்த்தேன். பழகிய கண்ணுக்குத் தெரியாத தவறு திருப்பினால் தெரியும். பிறகு ஒவ்வொரு மூலையாகப் பெரிதாக்கினேன். தண்டின் குடத்தில் நாற்காலி இல்லை. ஆனால் அங்கே வேறொருவர் நின்றார். வெள்ளை வேட்டியும் அரைக்கைச் சட்டையுமாக, இரு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு, வளைந்த ஒரு குட்டி உருவம். அண்ணாச்சியேதான்.

அவரை எடுப்பதா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, எடுத்துடுங்க என்றார். சும்மா எடுத்துவிட்டு அந்த இடத்தை மஞ்சளாக நிரப்பினால் பித்தளை பெயிண்ட் அடித்த பிளாஸ்டிக் போலாகிவிடும். உலோகத்தை உலோகமாகக் காட்டுவதே அதில் விழும் இருட்டுதான். அதனால் அவர் நின்ற அகலத்துக்கு, திண்ணைத் தூணின் நிழல் விழுந்தது போல ஒரு கரும்பட்டையை மேலிருந்து கீழாக வளைத்து வைத்தேன். படத்தில் திண்ணைத் தூண் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.